குக்கர் கப்பும் சமையல் கப்பும்: புதிதாகச் சமைக்கும் பிள்ளைகளுக்கு

எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் படிக்கவும் மறைமலைநகர்ப் பக்கம் வேலைக்குப் போகவும் பொத்தேரியில் அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகள், மெஸ் சாப்பாடு அலுத்ததும் முதலில் வாங்குவது மின்சார ரைஸ் குக்கர்தான். உள்ளே ஒரு சின்ன பிளாஸ்டிக் கப் இருக்கும். சமையல் குறிப்பில் ‘ஒரு கப்’ என்று படித்ததும் அதையே எடுத்து அள்ளுகிறார்கள். பொங்கல் கஞ்சியாகிறது, இல்லையென்றால் உப்புக் கரிக்கிறது. பழி குக்கர் மேல் விழுகிறது. மாடி அறைகளை வாடகைக்கு விட்டிருக்கிற நான், வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பதை இங்கே எழுதுகிறேன்.

1. முதல் வேலையாகக் கப்பை அளந்து பாருங்கள். பெரும்பாலான ரைஸ் குக்கர்களோடு வரும் கப் 180 மில்லி பிடிக்கும். சமையல் புத்தகங்களும் காணொளிகளும் சொல்லும் கப் 240 மில்லி. சில செட்களில் 250. தராசு வேண்டாம், அரை லிட்டர் ஆவின் பால் பாக்கெட் போதும். எப்படியும் காய்ச்சப்போகிற பால்தான், பாத்திரத்தில் ஊற்றுவதற்கு முன் கப்பால் அளந்து ஊற்றுங்கள். இரண்டு கப் நிறைந்து, மூன்றாவது முக்காலுக்குச் சற்று மேலே வந்து பால் தீர்ந்தால் உங்கள் கையில் இருப்பது 180 மில்லி கப். இரண்டு நிறைந்தபின் நாலு டீஸ்பூன் அளவே மிஞ்சினால் அது 240. சரியாக இரண்டரை கப் வந்தால் 200 மில்லி. சில கப்களில் விளிம்புவரை அளவு. சிலவற்றில் விளிம்புக்குக் கீழே ஒரு கோடு இருக்கும். உங்களுடையது எது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அரிசியை எப்போதும் தலைதட்டி அளந்து எடுங்கள். குவித்து அள்ளினால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு வரும்.

2. இந்த 180 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மறக்காது. தானாக அணைந்துகொள்ளும் மின்சார ரைஸ் குக்கரை ஜப்பானில் தோஷிபா கம்பெனி 1955-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜப்பானியர் அரிசியை அளந்த பழைய அளவு ‘கோ’. நம் ஊர் ஆழாக்கைப் போலச் சின்ன அளவு அது, மில்லிக் கணக்கில் 180. பத்து கோ சேர்ந்தால் ஒரு ‘ஷோ’, அதாவது 1.8 லிட்டர். கடையில் ‘1.8 லிட்டர்’ குக்கர் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த எண்ணின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஜப்பானியச் சமையலறையில் மற்ற பொருள்களை அளக்கும் கப்கூட 200 மில்லிதான். 180 மில்லி கப் அரிசிக்கென்றே தனியாக வைத்தது.

3. எல்லாவற்றையும் ஒரே கப்பால் அளந்தால் எதையும் மாற்ற வேண்டாம். ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு இரண்டரை என்பதெல்லாம் விகிதம். குக்கர் கப்பில் அள்ளினாலும் டீ கிளாஸில் அள்ளினாலும் விகிதம் மாறாது. கெடுவது இரண்டு கப்பைக் கலக்கும்போதுதான். பாஸ்மதி அரிசி இரண்டு கப், தண்ணீர் மூன்று கப் என்று ஒரு புலாவ் குறிப்பு இருக்கிறது என்று வையுங்கள். அரிசியைக் குக்கர் கப்பில் அள்ளி, தண்ணீரை 240 மில்லி கப்பில் ஊற்றினால் 360 மில்லி அரிசிக்கு 720 மில்லி தண்ணீர் போயிருக்கும். ஒன்றுக்கு ஒன்றரை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுக்கு இரண்டு. சோறு குழைந்து ஒட்டும். மாற்றிச் செய்தால் 480 மில்லி அரிசிக்கு 540 மில்லி தண்ணீர்தான் கிடைக்கும். மேலே உள்ள பருக்கையை நசுக்கிப் பாருங்கள், நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி நிற்கும். ஒரே அரிசி ஒருநாள் குழைந்தும் ஒருநாள் விறைத்தும் வந்தால் அரிசியை மாற்றாதீர்கள், முதலில் கப்பைப் பாருங்கள்.

4. மாற்ற வேண்டி வந்தால் கால் கப்பைக் கையில் எடுங்கள். அளவுக் கப் செட்டில் 60 மில்லிக் கால் கப் ஒன்று இருக்கும். அது மூன்று சேர்ந்தால் ஒரு குக்கர் கப். நாலு சேர்ந்தால் ஒரு சமையல் கப். ஆகவே மூன்று சமையல் கப்பும் நாலு குக்கர் கப்பும் ஒரே அளவு. குறிப்பில் சமையல் கப் இருந்து உங்களிடம் குக்கர் கப் மட்டும் இருந்தால், எண்ணோடு அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். குக்கர் கப் கணக்கில் உள்ள குறிப்பைச் சமையல் கப்பில் செய்தால் எண்ணில் கால் பங்கைக் கழியுங்கள். உங்கள் செட் 250 மில்லி என்றால் கணக்கு இம்மி பிசகும், சோற்றுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

5. வெண்பொங்கலை வைத்து இதைச் செய்து பாருங்கள். குறிப்பு இப்படி இருக்கிறது என்று கொள்வோம்: பச்சரிசி முக்கால் கப், பாசிப்பருப்பு கால் கப், தண்ணீர் நாலரை கப், உப்பு ஒன்றரை டீஸ்பூன். மிளகும் சீரகமும் இஞ்சியும் நெய்யும் கரண்டிக் கணக்கில் தனியே வரும். இது 240 மில்லி கப்புக்கு எழுதியது. முக்கால் சமையல் கப் என்பது சரியாக ஒரு குக்கர் கப், எனவே அரிசி தலைதட்டி ஒரு கப். பருப்பு குக்கர் கப்பில் மூன்றில் ஒரு பங்கு. தண்ணீர் ஆறு குக்கர் கப். மொத்த அளவு மாறவில்லை என்பதால் உப்பு, மிளகு, நெய் எதிலும் கைவைக்கக் கூடாது.

பருப்பை வாசம் வரும்வரை வறுத்து, அரிசியோடு சேர்த்துக் கழுவிப் போடுங்கள். ஒரு ஸ்பூன் நெய்யை முதலிலேயே விட்டால் நுரை அடங்கும். பாத்திரத்தில் எல்லாமாக ஒன்றேகால் லிட்டர் வாக்கில் இருக்கும். சின்னக் குக்கர் என்றால் நுரை மூடி வழியே வழியும், அதற்குப் பாதியளவு செய்யுங்கள். இன்னொன்றும் கவனியுங்கள். பாத்திரத்தின் அடி 100 டிகிரியைத் தாண்டினால் குக்கர் அணைந்துகொள்ளும். தண்ணீர் வற்றினால்தான் அடி அவ்வளவு சுடும் என்பது அதன் கணக்கு. பொங்கல் கெட்டிப்பட்டதும் அடியில் படிந்து, மேலே தண்ணீர் இருக்கும்போதே அடி மட்டும் சுட்டுவிடும். ஸ்விட்ச் சீக்கிரமே மேலே வந்துவிடும். அப்போது திறந்து, அடிவரை கிளறி, மூடிப் பத்து நிமிடம் விட்டு மறுபடி அழுத்துங்கள். ஸ்விட்ச் வந்ததுமே தண்ணீர் போதவில்லை என்று மேலும் ஊற்றுகிறவர்கள்தான் கஞ்சி குடிக்கிறார்கள்.

6. உப்பையும் மசாலாவையும் தனியாக யோசியுங்கள். கரண்டி அளவுக்கும் பாக்கெட் அளவுக்கும் உங்கள் கப் தெரியாது. மேலே சொன்ன பொங்கலை எதையும் மாற்றாமல் எல்லாம் குக்கர் கப்பிலேயே முக்கால், கால், நாலரை என்று அளந்தால் பதம் சரியாகவே வரும், ஆனால் பொங்கல் முக்கால் பங்குதான் இருக்கும். அதற்கு ஒன்றரை டீஸ்பூன் உப்பு கூடுதல். ஒரு டீஸ்பூனும் அதற்குமேல் ஒரு சிட்டிகையும் போதும். தேங்காய்ப்பால் பாக்கெட், பிரியாணி மசாலாப் பாக்கெட், முட்டை எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். பதம் சரியாக இருந்து உப்போ காரமோ மட்டும் தூக்கலாக இருக்கிறது என்றால் இங்கேதான் தவறியிருக்கிறது.

7. குறிப்பு எந்தக் கப்பைச் சொல்கிறது என்று கண்டுபிடிக்க வழி உண்டு. குக்கரோடு வந்த சிறு புத்தகம் குக்கர் கப்பைத்தான் சொல்லும். கிராமும் சேர்த்து எழுதியிருந்தால் இன்னும் சுலபம்: ஒரு கப் அரிசி 150 கிராம் வாக்கில் என்றால் குக்கர் கப், 200 கிராம் வாக்கில் என்றால் சமையல் கப்.

8. பாத்திரத்தின் உள்ளே இருக்கும் கோடுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ‘2’ என்று போட்ட கோடு இரண்டு கப் தண்ணீருக்கு இல்லை. இரண்டு குக்கர் கப் அரிசியைப் போட்டபின், அரிசியும் தண்ணீருமாக எதுவரை நிற்க வேண்டும் என்று சொல்வது அது. இரண்டு சமையல் கப் அரிசியைப் போட்டுவிட்டு அந்தக் கோடுவரை ஊற்றினால், அரிசி மூன்றில் ஒரு பங்கு கூடுதல், தண்ணீரோ மிகக் குறைவு. கோட்டை நம்புவதாக இருந்தால் அரிசியைக் குக்கர் கப்பில் மட்டுமே அளக்க வேண்டும். அப்படி அளந்தாலும் பல குக்கர்களின் கோடுகள் குறைந்த தண்ணீரில் வேகும் அரிசிக்குப் போட்டவை. நம் பொன்னிப் புழுங்கலரிசி ஒன்றுக்கு இரண்டரை, பழைய அரிசியாக இருந்தால் மூன்று பங்குகூடத் தண்ணீர் கேட்கும். புழுங்கலரிசிக்குக் கோட்டை விட்டுவிட்டுக் கப் கணக்கிலேயே ஊற்றுங்கள்.

9. ஒருவருக்காக ஒரே ஒரு குக்கர் கப் வைக்கும்போது தண்ணீரைச் சற்றுத் தாராளமாக விடுங்கள். ஆவியாகப் போகும் தண்ணீர் அரிசியின் அளவுக்கேற்பக் குறைவதில்லை. ஒரு கப் வேகும்போதும் நாலு கப் வேகும்போதும் ஓரளவு ஒன்றாகவே போகும். நாலு கப்புக்குப் பத்து கப் தண்ணீர் சரியாக இருந்தால், ஒரு கப்புக்கு இரண்டரையோடு இன்னும் கால் கப் சேர்த்துப் பாருங்கள்.

10. அறை மாறும்போது முதலில் தொலைவது அந்தக் கப்தான். அதற்காகக் கடை கடையாக அலைய வேண்டாம். கால் கப்பால் மூன்று முறை தண்ணீர் எடுத்து ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றுங்கள். தண்ணீர் நிற்கும் இடத்தில் ஆணி முனையால் ஒரு கீறல் போட்டு, அந்த டம்ளரை அரிசி டப்பாவுக்குள்ளேயே போட்டு வையுங்கள்.