பெட்டியின் முன்பக்கத்தை நம்பி ஏறிய பஸ்

கல்முனையில் ரயில் இல்லை. கொழும்புக்குப் போவதென்றால் இஷா தொழுதுவிட்டு பஸ்ஸில் ஏறி, மட்டக்களப்பு, பொலன்னறுவை, ஹபரணை, குருநாகல் என்று இரவெல்லாம் ஆடி அசைந்து, சுபஹு நேரத்தில் புறக்கோட்டையில் இறங்க வேண்டும். தூக்கம் வராத என்னைப் போன்றவர்களுக்கு அந்த எட்டொன்பது மணி நேரம் பெரிய சோதனை. டோஹாவிலிருந்து வந்த மச்சான் தன் பழைய ஸ்டீம் டெக்கை என்னிடம் தந்தபோது, அந்தச் சோதனை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

டெக்கின் பேட்டரி 40 வாட் மணி. கார் ஓட்டும் கேம், சண்டைக் கேம் போன்ற கனமானவற்றை ஓட்டினால் கருவி முழுவதுமாக 24 வாட் அளவில் இழுக்கும். ஒன்றரை மணி நேரம் கழித்து, பஸ் வாழைச்சேனையைத் தாண்டும்போதே அணைந்துவிடும். ஆகவே கடைத்தெருவில் ஒரு பவர் பேங்க் வாங்கினேன். பெட்டியில் பெரிய எழுத்தில் 20000 என்றும், அதைவிடப் பெரிய எழுத்தில் 22.5 வாட் என்றும் இருந்தது. "காக்கா, இது லேப்டொப்பும் ஏத்தும்" என்றான் கடைப் பொடியன். நம்பிவிட்டேன்.

போகும்போது பிரச்சினை தெரியவில்லை. டெக் முழுச் சார்ஜில் இருந்தது, கல்முனையிலேயே வயரைச் செருகிவிட்டேன். சதவீதம் மெதுவாகத்தான் இறங்கியது. ஹபரணையை நெருங்கும்போது பேங்க் தீர்ந்தது, தம்புள்ளைக்கு அப்பால் டெக்கும் தீர்ந்தது. மொத்தம் நாலு மணி நேரம் ஓடியிருக்கிறது. பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. டெக்கின் சார்ஜரை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தேன். புறக்கோட்டையில் தெரிந்தவர் கடையில் பேங்கை மட்டும் பகல் முழுக்கச் செருகி வைத்து நிரப்பினேன். பஸ்ஸில் ஏறும்போது டெக்கில் 12 சதவீதம்தான். பேங்க் நிறைந்திருக்கிறதே, என்ன கவலை என்று விளையாடத் தொடங்கினேன். ஒரு மணி நேரம் கொஞ்சம் கடந்ததும் டெக் அணைந்துவிட்டது. பேங்கில் நாலு விளக்கில் மூன்று இன்னும் எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டி நிறைய இருக்கிறது, குழாய்தான் சின்னது.

காரணம் பேங்கின் முதுகில் பொடி எழுத்தில் இருந்தது. அந்த 22.5 வாட் என்பது அகலமான பழைய யூஎஸ்பி துளைக்கான கணக்கு. 5 வோல்ட், 4.5 அம்பியர். சில போன் கம்பனிகளின் சொந்த முறை அது. டெக்குக்கு அந்த மொழி புரியாது. டைப்-சி துளைக்கு நேரே எழுதியிருந்ததோ 9 வோல்ட், 2.22 அம்பியர், பெருக்கினால் 20 வாட். உள்ளே வருவது 20, செலவாவது 24. மிச்ச 4 வாட்டை டெக் தன் பேட்டரியிலிருந்து எடுத்தது. பேட்டரி நிறைந்திருந்தபோது அது தாங்கியது, 12 சதவீதத்தில் தாங்கவில்லை.

இதற்குப் பிறகு பவர் பேங்க் பார்க்கப் போனால் நான் பெட்டியைத் திருப்பித்தான் பிடிப்பேன். டைப்-சி அவுட்புட் என்ற வரியில் எத்தனை வோல்ட் வரை போகிறது என்பதே முதல் கேள்வி. டெக்குக்கு 15 வோல்ட், 3 அம்பியர் என்ற சோடி வேண்டும். அதுதான் 45 வாட். ரொக் அலாய் வைத்திருப்பவர்கள் 20 வோல்ட், 3.25 அம்பியர், அதாவது 65 வாட் தேட வேண்டும். நிண்டெண்டோ ஸ்விட்ச் சின்னப் பசிக்காரன். கையில் வைத்து விளையாடும்போது 18 வாட் போதும், நான் ஏமாந்த பேங்க் அதற்குத் தாராளம். இரண்டு துளையிலும் ஒரே நேரத்தில் வயர் போட்டால் பல பேங்குகள் 5 வோல்ட்டுக்கு இறங்கிவிடும் என்பதையும் சொல்லி வைக்கிறேன். பக்கத்து சீற்றுக்காரர் போனுக்கு இடம் கேட்டால், டெக்கைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள். வயரும் இரு முனையும் டைப்-சியாக இருக்க வேண்டும். ஒரு முனை அகலமாக உள்ள வயரில் 15 வோல்ட் வராது.

இரண்டாவது கேள்வி, எவ்வளவு நேரம் என்பது. 20000 மில்லி அம்பியர் மணி என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் கலத்தின் கணக்கு. பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட் மணி. வோல்ட்டை உயர்த்தி வெளியே அனுப்பும்போது சூடாகப் போவது போக, கைக்கு வருவது 60 அளவில்தான். ஒழுங்கான பேங்கில் இதையும் அச்சடித்திருப்பார்கள்: 5 வோல்ட்டில் 12000 என்றோ அதற்குக் கிட்டவோ இருக்கும். அந்த வரியே இல்லாத பேங்கை நான் தொடுவதில்லை.

டெக்கின் 40, பேங்கின் 60, ஆக 100. 24 ஆல் வகுத்தால் நாலு மணி நேரம் சொச்சம். 45 வாட் பேங்க் வாங்கினாலும் இந்தக் கூட்டுத்தொகை மாறாது. இதைத்தான் பலர் மறக்கிறார்கள். கொழும்புக்குக் கிட்டவாவது இழுக்க வேண்டுமென்றால் செலவைத்தான் குறைக்க வேண்டும். டெக்கின் விரைவு மெனுவில் பிரேம் வேகத்தை 30க்கு இறக்கி, வெளிச்சத்தையும் பாதியாக்கினேன். நான் விளையாடும் கேமில் 24 வாட் 14 ஆனது. அப்படியானால் ஏழு மணி நேரம். இருட்டான பஸ்ஸில் பாதி வெளிச்சமே கண்ணுக்கு அதிகம்.

என் தங்கச்சி மகன் போனில் சுடுகிற கேம் விளையாடுகிறவன். அவனுடைய பிரச்சினை வேறு: சூடு. விளையாடிக்கொண்டே சார்ஜ் ஏற்றினால் பேட்டரி ஒரு பக்கம், சில்லு ஒரு பக்கம் கொதித்து, போன் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேமிங் போன்களில் பேட்டரியைத் தொடாமல் நேரே கேமுக்குக் கரண்ட் கொடுக்கும் வசதி இருக்கிறது. புதிய சாம்சங் போன்கள் பலவற்றில் அதற்கு `Pause USB Power Delivery` என்று பெயர், கேம் பூஸ்டருக்குள் இருக்கும். பேட்டரி 20 சதவீதத்துக்கு மேல் இருந்து, பேங்க் பவர் டெலிவரி முறையில் கொடுத்தால்தான் அது வேலை செய்யும். போனோடு வந்த சார்ஜரில் 120 வாட் என்று இருக்கிறதே என்று பேங்கிலும் அதைத் தேட வேண்டாம். அது அந்தந்தக் கம்பனியின் சொந்த வித்தை, பொதுவான பேங்கில் கிடைக்காது.

போலிகளைப் பற்றி ஒரு சொல். 74 வாட் மணிக்கான கலம் மட்டுமே 300 கிராம் அளவில் நிறுக்கும். 20000 என்று எழுதிய பேங்க் 200 கிராம்தான் என்றால் பேச்சே வேண்டாம். பக்கத்துச் சில்லறைக் கடைத் தராசில் வைத்துப் பார்க்க நான் வெட்கப்படுவதில்லை. பாரமாக இருப்பதாலேயே உண்மையானது என்றும் ஆகாது, உள்ளே மண் நிரப்பியவையும் உண்டு. வாங்கிய வாரமே முழுச் சார்ஜில் எத்தனை மணி நேரம் தருகிறது என்று வீட்டில் ஓட்டிப் பாருங்கள். கடைக்காரர் மாற்றித் தருகிற நாட்களுக்குள் அதைச் செய்ய வேண்டும்.

30000 வாங்கினால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பீர்கள். பஸ்ஸுக்கு மட்டும் என்றால் வாங்கலாம். ஆனால் நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில். 30000 என்பது 111 வாட் மணி. விமானத்தில் 100க்கு மேல் போனால் கம்பனியின் அனுமதி வேண்டும். பெட்டியில் போட்டு அனுப்பவும் முடியாது, கைப்பையில்தான். எமிரேட்ஸில் 2025 ஒக்டோபர் 1 முதல் 100க்குக் குறைந்த பேங்க் ஒன்றை மட்டும் கொண்டு போகலாம், அதையும் பறக்கும்போது பாவிக்கக் கூடாது. அந்தப் பயணத்துக்கு 20000 போதும். டெக்கை ஏறுமுன் நிரப்பிக்கொள்ளுங்கள்.