பத்தடி பேனருக்குப் படம் தாங்குமா?

கேள்வி: அம்மன் கோயில் விழாவுக்கு 10 அடிக்கு 6 அடி பேனர் அடிக்க வேண்டும். எந்தப் படம் தெளிவாக விழும்? – வாசகர், ஸ்ரீராம்புரம், பெங்களூரு

பதில்: படத்தின் எம்.பி. அளவு இதைச் சொல்லாது. அகலத்தில் எத்தனை பிக்சல் என்பதே கணக்கு. 10 அடி என்பது 120 அங்குலம். செல்போனில் எடுத்த 4000 பிக்சல் மூலப்படம் அங்குலத்துக்கு 33 பிக்சல் தரும். அதுவே வாட்ஸ்அப்பில் சுருங்கி 1600 ஆக வந்தால் 13தான்.

எவ்வளவு வேண்டும் என்பதைப் பார்ப்பவரின் தூரம் தீர்மானிக்கிறது. 3438ஐத் தூரத்தின் அங்குலத்தால் வகுத்தால் கண்ணுக்குப் போதுமான அளவு கிடைக்கும். பத்தடித் தூரத்துக்குச் சுமார் 29, இருபதடிக்கு 14. ஆகவே குறுகலான தெருவில் வாட்ஸ்அப் படம் பிசிறடிக்கும், மூலப்படம் தப்பிக்கும். மூலத்தை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொன்னால் பிக்சல் குறையாது.

பெரும்பாலான பேனர்கள் கெடுவது முகத்தில்தான். குழுப்படத்தில் 300 பிக்சல் அகலமுள்ள ஒரு முகத்தை வெட்டி மூன்றடிக்குப் பெருக்கினால் அங்குலத்துக்கு எட்டே பிக்சல். ஆகவே வெட்டிய பகுதியைத் தனியாகக் கணக்கிட வேண்டும். போட்டோஷாப்பில் 72ஐ 300 ஆக்கினாலும் இல்லாத விவரம் வந்துவிடாது; ஓரங்கள் குழைந்துதான் நிற்கும். திரையில் முகத்தை அச்சாகும் அளவுக்கே பெரிதாக்கி, பார்ப்பவர் நிற்கும் தூரத்துக்குத் தள்ளி நின்று பார்ப்பதே நம்பகமான சோதனை.

எழுத்துகளைப் படத்தோடு சேர்க்காமல் கோரல்டிராவில் தனியாக அடித்தால் எந்த அளவிலும் கூர்மையாக இருக்கும்.