ஆறு கோடும் ஒரே நீளம்: கிட்டார் டேப்பைத் தட்டச்சு செய்யும் முறை

கேள்வி: என் மகன் வாரம் ஒருநாள் கிட்டார் வகுப்புக்குப் போகிறான். ஆசிரியர் கையால் எழுதித் தரும் டேப் தாள்களைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அவற்றைத் தட்டச்சு செய்து வைத்தால் தேவையானபோது திருத்தலாம், பெரிதாக்கி அச்செடுக்கலாம் என்று வேர்டில் உட்கார்ந்தேன். ஆறு வரிகளும் ஆறு இடத்தில் முடிகின்றன. 10, 12 போன்ற எண்கள் வரும் இடத்தில் எல்லாமே நகர்ந்துவிடுகின்றன. நான் தட்டிய சிறு கோடுகளைக் கணினியே நீளக் கோடாக மாற்றிவிடுகிறது. படத்தில் இருப்பது போலவே எண்கள் நிற்க என்ன செய்ய வேண்டும்?
*– வாசகி, திருச்சி*

பதில்: உங்கள் சிக்கலில் மூன்று தனித்தனிக் காரணங்கள் கலந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டால் வேலை சுலபம்.

முதல் காரணம் எழுத்துரு. டேப்பில் நீங்கள் தட்டுபவை பெரும்பாலும் ஹைஃபனும் எண்ணும்தான். ஏரியல் போன்ற வழக்கமான எழுத்துருவில் இவை இரண்டும் ஒரே அகலம் இல்லை. எழுத்தின் அளவை ஆயிரம் பங்காக வைத்துக்கொண்டால், ஓர் எண் 556 பங்கு இடம் பிடிக்கும். ஹைஃபனுக்கு 333 பங்கு போதும். ஒரு ஹைஃபனை எடுத்துவிட்டு அங்கே ஓர் எண்ணை வைத்தால் அந்த வரி 223 பங்கு நீண்டுவிடுகிறது. எண்கள் அதிகம் உள்ள தந்தி நீளமாகவும், எண்ணே இல்லாத தந்தி குட்டையாகவும் தெரிவது இதனால்தான். நீங்கள் எவ்வளவு கவனமாகத் தட்டினாலும் அந்த எழுத்துருவில் அது நேராகாது. Courier New, Consolas ஆகியவற்றில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

இரண்டாவது காரணம் வேர்டு. கடிதம் எழுதுபவருக்கு உதவட்டும் என்று அது அடுத்தடுத்து வரும் ஹைஃபன்களைத் தானாகவே நீளக் கோடாக மாற்றுகிறது. மூன்று ஹைஃபன் தட்டி என்டர் அழுத்தினால் பக்கம் முழுக்க ஒரு கோடே போட்டுவிடும். டேப்புக்கு இந்த உதவி வேண்டாம். விண்டோஸில் இருக்கும் நோட்பேடு போதும். நீங்கள் தட்டிய ஹைஃபன்களை அது நீளக் கோடாக மாற்றாது.

மூன்றாவது காரணம் நீங்கள் தட்டும் வரிசை. படத்தைப் பார்த்து இடமிருந்து வலமாக ஒவ்வொரு வரியையும் ஊகித்துத் தட்டிக்கொண்டு போயிருப்பீர்கள். கோலம் போடும்போது முதலில் புள்ளி வைக்கிறோம், பிறகுதான் இழுக்கிறோம். இதற்கும் அப்படித்தான். முதலில் எண்ணே இல்லாத வெற்றுக் கட்டத்தைத் தயார் செய்யுங்கள். எண்களைப் பிறகு அதில் இறக்குங்கள்.

கட்டம் போடும் கணக்கு இது. படத்தில் ஒரு பாரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எத்தனை முறை தந்தியைத் தட்டுகிறார் என்று எண்ணுங்கள். நான்கு தாளம் கொண்ட பாரில் அரைத் தாளத்துக்கு ஒன்றாக எட்டு தட்டல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தட்டலுக்கும் மூன்று எழுத்து இடம் கொடுங்கள். 12 போன்ற ஃபிரெட்டுக்கு இரண்டு இடம் போய்விடும். அடுத்த எண்ணோடு ஒட்டாமல் இருக்க ஓர் இடம் மிஞ்சும். ஹாமர்-ஆன் வந்தால் `10h12` என்று அந்த மூன்றாவது இடத்தில் `h` அழகாக உட்காரும். எட்டு தட்டலுக்கு 24 இடம், பாரின் தொடக்கத்தில் மூச்சுவிட ஒரு ஹைஃபன், ஆக 25 ஹைஃபன். ஒரு வரியை மட்டும் தட்டி, அதையே ஐந்து முறை நகலெடுத்து ஒட்டுங்கள். ஆறு வரிகளும் பிறக்கும்போதே ஒரே நீளத்தில் இருக்கும்.

வரிகளின் தொடக்கத்தில் தந்தியின் பெயரை இடுங்கள். டேப்பில் மேல் வரி மெல்லிய தந்தி, கீழ் வரி தடித்த தந்தி. கிட்டாரை மடியில் வைத்துப் பார்க்கும்போது தடித்த தந்தி மேலே தெரிவதால் புதியவர்கள் இதைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். மெல்லியதைச் சிறிய `e` என்றும் தடித்ததைப் பெரிய `E` என்றும் எழுதினால் குழப்பம் வராது.

இனி எண்களை இறக்கலாம். விதி ஒன்றுதான்: எத்தனை எழுத்து தட்டுகிறீர்களோ அத்தனை ஹைஃபனை அழிக்க வேண்டும். 3 தட்டினால் அதற்கு வலப்பக்கம் ஒரு ஹைஃபன் போக வேண்டும்; 12 தட்டினால் இரண்டு. ஓர் இலக்கமோ இரண்டு இலக்கமோ, எண் எப்போதும் தன் மூன்று இடங்களில் முதல் இடத்தில் தொடங்கட்டும். C கார்டின் தந்திகளைக் கீழிருந்து மேலே போய்த் திரும்பி வருவதாகத் தட்டும் ஒரு பாரை இப்படி நிரப்பலாம்:

```
   1  &  2  &  3  &  4  &
e|-------------0-----------|
B|----------1-----1--------|
G|-------0-----------0-----|
D|----2-----------------2--|
A|-3-----------------------|
E|-------------------------|
```

மேலே உள்ள எண் வரி தாளத்தைக் காட்டுகிறது. கையெழுத்துத் தாளில் அது இல்லாவிட்டாலும் நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். டேப்பில் எந்த ஃபிரெட் என்பது உண்டு, எவ்வளவு நேரம் என்பது கிடையாது. அந்தக் குறையை இந்த ஒரு வரி தீர்க்கிறது. ஒரு தாளம் முழுக்க ஒரே ஸ்வரம் நின்றால் அதற்கு இரண்டு கட்டம் விடுங்கள்.

அடுத்த பாரில் கை மேலே நகர்ந்து A மைனருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தடுமாறிய இரண்டு இலக்க எண்கள் இங்கேதான் வருகின்றன:

```
   1  &  2  &  3  &  4  &
e|-------------12----------|
B|----------10----10-------|
G|-------9-----------9-----|
D|----10----------------10-|
A|-0-----------------------|
E|-------------------------|
```

இரண்டு பாரையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஃபிரெட்டுகள் மாறியிருக்கின்றன, எண்கள் தொடங்கும் இடம் ஒன்றுகூட மாறவில்லை. B தந்தியில் முதல் 10-க்கு ஒரு ஹைஃபனை மட்டும் அழித்திருந்தால், அந்த வரியின் இரண்டாவது 10 ஓர் இடம் வலப்பக்கம் தள்ளி, 3-ஆம் தாளத்துக்குப் பிறகு வரும் `&`-க்கு நேராக நிற்காமல் போயிருக்கும். அதற்குப் பின்னால் இன்னும் பல பார்கள் இருந்தால் அந்த ஒரு பிழை வரி முடியும்வரை தொடரும்.

சரிபார்ப்பது எளிது. நோட்பேடில் கர்சரை ஒரு வரியின் கடைசிக்குக் கொண்டுபோனால் கீழே `Col` என்று ஓர் எண் தெரியும். மேலே உள்ள பாரில் ஆறு தந்தி வரிகளுக்கும் அது 29 என்று காட்ட வேண்டும். ஒரு வரி மட்டும் 30 காட்டினால் அங்கே ஒரு ஹைஃபனை அழிக்க மறந்திருக்கிறீர்கள். 28 என்றால் கூடுதலாக அழித்திருக்கிறீர்கள். நீளம் சரியாக இருந்தும் எண் தவறிய கட்டத்தில் இருக்கலாம். எண்ணுக்கு முன்னால் இருந்த ஹைஃபனை அழித்துவிட்டால் அப்படி ஆகும். எனவே மேலே உள்ள தாள வரியிலிருந்து கண்ணைச் செங்குத்தாக இறக்கி, ஒவ்வொரு எண்ணும் அதற்கு நேர் கீழே தொடங்குகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: படத்தில் கோடு எண்ணின் மேலேயே ஓடுகிறது. 3-ஆ 8-ஆ, எந்தத் தந்தியில் இருக்கிறது என்றே சில இடங்களில் தெரியவில்லை. எப்படி முடிவு செய்வது?
*– வாசகர், கோவை*

பதில்: முடிந்தால் படத்தை மறுபடி எடுங்கள். தாளைத் தரையில் விரித்து, கைபேசியைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து எடுக்க வேண்டும். சாய்ந்து எடுத்த படத்தில் ஒரு முனையில் கோடுகள் நெருங்கிவிடுவதால், B தந்தியின் எண் G தந்தியில் இருப்பதுபோல் தெரியும். பழைய படம்தான் இருக்கிறது என்றால், அதைத் திரையில் பெரிதாக்கி, ஒரு காகித விளிம்பைச் செங்குத்தாக வைத்து, இடமிருந்து வலமாக ஒவ்வொரு தட்டலாக நகர்த்திப் படியுங்கள். ஒரு வரியை முழுதாகப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போவதைவிட இப்படிப் படிப்பதில் பிழை குறைவு.

அப்போதும் ஐயம் தீராத இடத்தில் கிட்டாரைக் கேளுங்கள். மேலே காட்டிய முதல் பாரில் A தந்தியின் எண் 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். A தந்தியின் மூன்றாம் ஃபிரெட் C, எட்டாம் ஃபிரெட் F. C கார்டில் F கிடையாது. மற்ற விரல்கள் 1, 2 ஆகிய ஃபிரெட்டுகளில் இருக்கும்போது கை 8-க்கு எட்டவும் செய்யாது. ஆகவே அது 3. அதேபோல் 1 என்ற எண் B தந்தியில் இருந்தால் C. G தந்தியில் இருந்தால் G ஷார்ப். C கார்டோடு பின்னது ஒட்டாது. தாளின் மேலே கார்டு பெயர் எழுதியிருந்தால் பெரும்பாலான ஐயங்கள் இப்படியே தீர்ந்துவிடும். ஆனால் பாட்டின் மெட்டு சில இடங்களில் கார்டுக்கு வெளியேயும் போகும். எனவே இந்த முறையில் முடிவு செய்த எண்களைக் குறித்துவைத்து, ஆசிரியரிடம் வாசித்துக் காட்டி உறுதி செய்யுங்கள்.

கேள்வி: டேப்புக்குக் கீழே தமிழில் பாட்டு வரியையும் எழுதினால் எழுத்துகள் தாளத்துக்கு நேராக நிற்பதில்லையே?
*– வாசகி, மதுரை*

பதில்: நிற்காது. Courier New போன்ற எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லை என்பதால் கணினி வேறோர் எழுத்துருவிலிருந்து அவற்றைக் கொண்டுவருகிறது. அதில் 'ஔ' அகலம், 'ர' ஒடுக்கம். 'கொ' என்ற ஓர் எழுத்து, இருபுறமும் குறி சேர்ந்து மூன்று எழுத்தின் இடத்தைப் பிடிக்கிறது. இடைவெளி தட்டி இதைச் சரிசெய்தால் உங்கள் திரையில் நேராகத் தெரியும். இன்னொருவர் கைபேசியில் கலைந்துவிடும். பார்களுக்கு 1, 2, 3 என்று எண் கொடுங்கள். பாட்டு வரியை டேப்புக்குக் கீழே தனியாக எழுதி, எந்தச் சொல் எந்தப் பாரில் தொடங்குகிறது என்று அந்த எண்ணால் காட்டுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். டேப்புக்கு முன்னும் பின்னும் மூன்று பேக்டிக் குறிகளைத் தட்டினால் அது சம அகல எழுத்தில் தெரியும். இரண்டு பாரை ஒரே வரியில் அனுப்பாதீர்கள். திரையைவிட நீளமான வரி மடங்கி அடுத்த வரிக்கு இறங்கும். ஆறு தந்தி பன்னிரண்டு வரியாகிவிடும். ஒரு பாரை ஒரு தொகுதியாக ஒன்றின்கீழ் ஒன்றாக அனுப்புங்கள். மூலத்தை `.txt` கோப்பாகச் சேமித்து வையுங்கள். தாளைத் தந்த ஆசிரியருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். அடுத்த மாணவருக்காக அவர் அதை மறுபடி கையால் எழுத வேண்டியிருக்காது.