ஒரே அழைப்பு, இரண்டு நேரம்: பிற சமய அண்டை வீட்டாரை இஃப்தாருக்கு அழைக்கும்போது



ரமலான் வந்தால் நம் தெருவில் உள்ள பிற சமயச் சகோதரர்களையும் நோன்பு திறக்க அழைக்க வேண்டும் என்று ஜமாஅத்தார் பலரும் கேட்கிறார்கள். அழைப்பது எளிது. வந்தவர் வயிறார உண்டு, மனம் கோணாமல் வீடு திரும்புவதற்குத்தான் முன்கூட்டியே யோசிக்க வேண்டியிருக்கிறது. இதை எங்கள் அறக்கட்டளை ஒரு தவறு செய்துதான் கற்றது.

முதல் வருடம் நாங்கள் எல்லோரையும் போலத்தான் செய்தோம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஊரப்பாக்கத்தில் ஒரு சிறிய மண்டபம். கறி போட்ட நோன்புக் கஞ்சி, சமோசா, பிரியாணி. சைவம் சாப்பிடுவோருக்கு ஓரத்தில் தனி மேசை. பக்கத்துத் தெருவிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வந்திருந்தார். அன்று அவருக்கு விரத நாள், அது எங்களுக்குத் தெரியாது. வெங்காய சமோசாவும் கைமா சமோசாவும் ஒரே மாதிரி மடித்து ஒரே எண்ணெயில் பொரித்தவை. எது எது என்று பரிமாறிய பையனுக்கே தெரியவில்லை. அந்தப் பெரியவர் ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு, எங்களிடம் சிரித்துப் பேசிக்கொண்டே இருந்துவிட்டுப் போனார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இலையைப் பார்த்த எங்களுக்குத்தான் புரிந்தது.

அண்டை வீட்டார் உரிமை நமக்குப் புதிய பாடம் அல்ல. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தபோது, பக்கத்து வீட்டு யூதருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டதாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் படித்திருக்கிறோம். ஆனால் அங்கே கொடுத்த பொருள் பெறுபவர் உண்ணக்கூடிய பொருள். உண்ண முடியாததைக் கொடுத்தால் கொடுத்ததாகுமா என்பதுதான் எங்களுக்கு எழுந்த கேள்வி.

அதற்கு விடை சென்னையிலேயே இருக்கிறது. திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசல் என்று நாம் சொல்லும் வாலாஜா பள்ளிவாசல் 1795-இல் கட்டப்பட்டது. அங்கே ரமலான் மாதம் முழுவதும் தினமும் ஆயிரம் பேர் அளவில் நோன்பாளிகளுக்கு இஃப்தார் உணவு பரிமாறுகிறவர்கள் மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பின் தொண்டர்கள். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கிய அமைப்பு அது. தொண்டர்களில் மிகுதியானோர் சிந்தி இந்துக்கள். மயிலாப்பூரில் சமைத்து, வண்டியில் ஏற்றி, பாங்குக்கு முன்னால் கொண்டு வந்து, தலையில் தொப்பி அணிந்து பரிமாறுகிறார்கள். பல பத்தாண்டுகளாக இது நடக்கிறது. உணவு முழுக்கச் சைவம். தாங்கள் உண்ணாததை அவர்கள் சமைக்கவில்லை, நம் நேரத்தை நொடியும் மாற்றவில்லை. நோன்பாளிகளும் கறி இல்லையே என்று ஒரு நாளும் எழுந்து போனதில்லை.

இதைப் பார்த்த பிறகு இரண்டாம் வருடம் தனி மேசையை எடுத்துவிட்டோம். பந்தியில் பிரிவு இல்லாமல் எல்லோருக்கும் ஒரே சைவ உணவு. “நோன்பு திறக்கும் இடத்தில் பிரியாணி இல்லாமலா?” என்று எங்கள் செயற்குழுவிலேயே முணுமுணுப்பு எழுந்தது. முப்பது நாளில் ஒரு நாள்தானே! மீதி நாட்களுக்கு யார் கையைப் பிடித்தார்கள்?

சைவம் என்று முடிவு செய்துவிட்டாலும் அடுப்படியில் கவனம் தேவை. நம் பண்டாரிகளுக்கு நோன்புக் கஞ்சி என்றாலே கொஞ்சம் கொத்துக்கறி, தால்ச்சா என்றாலே எலும்பு. பழக்கத்தில் கை போய்விடும். ஆகவே சமையல் பட்டியலை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுக்கிறோம். நூறு பேர் கஞ்சிக்கு நாலு கிலோ பச்சரிசிக் குருணை, முக்கால் கிலோ பாசிப்பருப்பு, ஒரு கைப்பிடி வெந்தயம், பத்துத் தேங்காய், இஞ்சி, பூண்டு, வெங்காயம், தக்காளி, புதினா, மல்லி. அரிசிக்கு எட்டு மடங்கு தண்ணீர் விட்டால் ஆளுக்கு ஒரு பெரிய கோப்பை வரும். சாப்பாட்டுக்கு நெய்ச்சோறு, கத்தரிக்காயும் மாங்காயும் போட்ட எலும்பில்லாத தால்ச்சா, தயிர்ப் பச்சடி, கடல்பாசி. கடல்பாசி கடலில் விளையும் பாசியிலிருந்து வருவது, அதனால் சைவர்கள் தாராளமாக உண்ணலாம். கடையில் வாங்கும் ஜெல்லியில் ஜெலட்டின் இருந்தால் அது விலங்கிலிருந்து எடுப்பது, அதை வாங்குவதில்லை. கேக் வாங்கினால் முட்டை இருக்கும் என்பதும் பலருக்கு அந்த நேரத்தில் நினைவு வருவதில்லை.

பாத்திரம்தான் பெரும்பாலானோர் விட்டுவிடும் இடம். பிரியாணி தேக்சாவை எவ்வளவு தேய்த்தாலும் சூடு ஏறியதும் பழைய மசாலாவும் கொழுப்பும் மணக்கும். வெந்நீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு முகர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். பரம்பரைச் சைவருக்கு அந்த மணமே போதும், முதல் கவளம் இறங்காது. சைவ விசேஷங்களுக்குப் பாத்திரம் கொடுக்கும் வாடகைக் கடையில் தேக்சா, கரண்டி, வாளி எல்லாம் எடுக்கிறோம். புது எண்ணெயில்தான் வடை பொரிக்கிறோம். இதை அழைக்கப் போகும்போதே ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்கள் கூச்சப்படுவார்கள்.

இனி நேரம். சூரியன் மறைந்ததும் நோன்பு திறப்பதைத் தாமதிக்கக் கூடாது என்பது நமக்குச் சுன்னத். அதே அந்தி நேரம்தான் நம் இந்துச் சகோதரிகள் வீட்டில் விளக்கேற்றும் நேரம். “குடும்பத்தோடு ஆறு மணிக்கு வாருங்கள்” என்று அழைத்துவிட்டு, ஆண்கள் மட்டும் வந்தார்களே என்று நாங்கள் ஒரு வருடம் வருத்தப்பட்டோம். பிறகு ஒரு அம்மா என் மனைவியிடம், “விளக்கு வைக்கிற நேரத்துல வீட்டைப் பூட்டிட்டு எப்படிக்கா வர்றது?” என்று கேட்டபோதுதான் விஷயம் விளங்கியது. ஐந்து வேளைத் தொழுகைக்கு நேரம் பார்க்கும் நமக்கு இது முன்னமே தோன்றியிருக்க வேண்டும்.

அதிலிருந்து அழைப்பிதழில் இரண்டு நேரம் போடுகிறோம். நோன்பு திறப்பதைக் காண விரும்புவோர் மாலை 5.45. வீட்டில் விளக்கேற்றிவிட்டு வருவோர் 6.45. முதல் நேரத்தில் வருவோருக்குக் கஞ்சி, பேரீச்சை, பழம். இரண்டாவது நேரத்தில் எல்லோருக்கும் சாப்பாட்டுப் பந்தி. இப்படிப் பிரித்ததும் குடும்பங்கள் வரத் தொடங்கின. தாம்பரம், கிண்டி என்று வேலைக்குப் போய் மின்சார ரயிலில் திரும்புகிறவர்களுக்கும் இது தோதாகிவிட்டது.

எந்த நாள் என்பதற்கு 2027 ரமலானையே எடுத்துக்கொள்வோம். பிறையைப் பொறுத்து பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் நோன்பு தொடங்கும். கிறிஸ்தவர்களின் சாம்பல் புதன் பிப்ரவரி 10, ஆகவே அவர்களின் தவக்காலமும் நம் நோன்பும் சேர்ந்தே வருகின்றன. வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கர்கள் புலால் உண்ண மாட்டார்கள், மாலையில் சிலுவைப்பாதைக்குப் போவார்கள், எனவே வெள்ளி வேண்டாம். பிப்ரவரி 20, 21 தேதிகளை ஒட்டி பௌர்ணமியும் மாசி மகமும் வருகின்றன. மாமல்லபுரம் கடற்கரைக்கும் திருவண்ணாமலைக்கும் போகிறவர்கள் நம் பகுதியில் நிறையப் பேர். 28-ஆம் தேதி ஞாயிறு என்றால் நமக்கே கடைசிப் பத்து தொடங்கும் தருவாய், இஃதிகாஃப் இருப்போர் பள்ளிக்குப் போய்விடுவார்கள். மார்ச் 6 சிவராத்திரி. எல்லாம் கழித்தால் பிப்ரவரி 14, ஞாயிறு நிற்கிறது. நாள் குறிக்கும் முன் தெருவில் ஒரு இந்துக் குடும்பத்தையும் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தையும் கேட்டுவிட்டால், நாட்காட்டியில் இல்லாத ஊர்த் திருவிழாவும் தெரிந்துவிடும்.

அன்று நம் பகுதியில் சூரியன் மறைவது ஏறத்தாழ 6.10-க்கும் 6.15-க்கும் இடையில். சரியான நிமிடத்துக்குப் பள்ளிவாசல் அட்டவணைதான் கணக்கு. வரவேற்புரை 6 மணிக்குள் முடிந்துவிட வேண்டும். பேச்சாளர் யாராக இருந்தாலும் பாங்கு அவருக்காகக் காத்திருக்காது என்று முன்பே பணிவாகச் சொல்லிவிடுகிறோம். நோன்பில்லாத விருந்தினருக்கு வந்தவுடன் தண்ணீர் கொடுக்க வேண்டும். நம்மோடு சேர்ந்து காத்திருப்பது அவர்கள் விருப்பம், ஆனால் நமக்காகக் குழந்தைகள் நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. கஞ்சி குடித்ததும் மக்ரிப் ஜமாஅத். இந்தப் பதினைந்து நிமிடத்தில் விருந்தழைத்த அத்தனை பேரும் எழுந்து போய், விருந்தாளிகள் மட்டும் காலிக் கோப்பையோடு உட்கார்ந்திருக்கும் காட்சியைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். நாங்கள் நான்கு பேரை அவர்களோடு இருக்கச் செய்து, அந்த நால்வர் பிறகு இரண்டாவது ஜமாஅத்தாகத் தொழுகிறார்கள். இஷா 7.25-ஐ ஒட்டி வருவதால் அதற்கு நேரம் தாராளம். பந்தி 6.45-க்குத் தொடங்கினால் இஷாவுக்கும் தராவீஹுக்கும் நாமும் அவசரமின்றிப் போகலாம்.

விருந்தினர் வெறுங்கையோடு வர மாட்டார்கள். கோயிலில் படைத்ததைக் கொண்டுவந்தால் நம்மவர் தயங்குவார்கள், அவர் முகம் வாடும். ஆகவே “ஏதாவது கொண்டுவரலாமா?” என்று கேட்டால் “பழம் கொண்டுவாருங்கள், அதில் நோன்பு திறக்கிறோம்” என்று முன்பே சொல்லிவிடுகிறோம். செலவு விஷயத்தில் ஒன்று: இந்த விருந்து வசதியுள்ளவர்களும் சேர்ந்து உண்பது, ஆகவே ஜகாத் நிதியிலிருந்து ஒரு ரூபாயும் எடுப்பதில்லை. இதற்கெனத் தருவோரின் நன்கொடைக்குத் தனி ரசீது, தனிக் கணக்கு.

ஒரு குடும்பத்துக்கு மட்டும் இந்த ஏற்பாடு எதுவும் பொருந்தவில்லை. எங்கள் குடியிருப்பில் உள்ள ஜைனர்கள் சூரியன் மறைந்த பிறகு உண்பதில்லை. நாம் உண்ணத் தொடங்கும் நொடியில் அவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். பூண்டு, வெங்காயம், உருளைக்கிழங்கு போல மண்ணுக்கடியில் விளைபவையும் கூடாது. அவர்களை இஃப்தாருக்கு அழைத்து உட்காரவைப்பது அழைப்பாகாது. அதனால் மாலை 4.30 மணிக்கு, பந்தி வேலை சூடுபிடிக்கும் முன், பேரீச்சை, திராட்சை, பச்சைப் புள்ளி போட்ட பாதாம் பொட்டலம் என்று ஒரு தட்டை அவர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்த வீட்டம்மா தட்டை வாங்கிக்கொண்டு, “உங்களுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கே, எனக்கு முன்னாடியே வந்துடுச்சே” என்று சிரித்தார். பெருநாளன்று காலையில் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். சேமியாவில் என்ன போடலாம், என்ன கூடாது என்று அவரிடமே கேட்டு எழுதி வைத்திருக்கிறோம்.