ஒரே உருவில் பெயரும் வினையும்

கேள்வி: ஆங்கிலத்தில் 'டெக்ஸ்ட்' என்னும் ஒரே சொல் குறுஞ்செய்தி என்றும், செய்தி அனுப்புதல் என்றும் வருகிறதே, எப்படிப் பிரித்தறிவது?
— வாசகர், கண்டி.

பதில்: பேராதனைப் பூங்காவில் நின்று 'மலர் மலர்ந்தது' என்னும்போது தாங்களும் இதே பிரயோகத்தைத்தான் செய்கிறீர்கள், முன்னது 'மலரை' என வேற்றுமை ஏற்பதால் பெயர், பின்னது காலம் காட்டுவதால் வினை. ஆங்கிலத்திலும் சொல்லின் ஸ்வரூபத்தை விட்டு அதன் சுற்றத்தை நோக்க வேண்டும்: 'எ டெக்ஸ்ட்' பெயர்; 'ஐ டெக்ஸ்டெட் ஹெர்' என்பதில், இறந்தகால விகுதி ஏற்றுச் செயப்படுபொருளையும் அவாவி நிற்பதால், அதுவே வினை. உண்மையில் மயக்கம் தருவது 'டெக்ஸ்ட்ஸ்' என்பதே. 'த்ரீ டெக்ஸ்ட்ஸ்' என எண் முன்வந்தால் அது பன்மைப் பெயர், 'ஷி டெக்ஸ்ட்ஸ்' என எழுவாய் முன்வந்தால் நிகழ்கால வினை. இச்சொல் தமிழுக்குள் வந்தாலோ இச்சலுகை இல்லை. காலம் காட்ட, 'டெக்ஸ்ட் பண்ணினாள்' என்று வினை ஒன்றைச் சேர்த்தே ஆகவேண்டும்.