தவணையில் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு?

வாடகைக் கொள்முதலில் கடைசித் தவணை கட்டும்வரை சட்டப்படி பொருள் விற்றவருக்கே சொந்தம். ஆனாலும் அதைப் பயன்படுத்திச் சம்பாதிப்பவர் வாங்கியவர்தான். அதனால் அவருடைய ஏட்டில் முதல் நாளே அது சொத்தாக ஏற வேண்டும், ரொக்க விலையில்.

ஒரு பாத்திரக் கடைக்காரர் 3,00,000 ரூபாய் ரொக்க விலையுள்ள சரக்கு ஆட்டோவை எடுக்கிறார். முன்பணம் 90,000. மீதியை 10 சதவீத வட்டியோடு, ஆண்டுக்கு 1,21,000 வீதம் இரண்டு தவணையில் கட்ட வேண்டும். மொத்தம் கட்டுவது 3,32,000. கூடுதலான 32,000 முழுவதும் வட்டி.

அதைச் சரிபாதியாகப் பிரித்து இரண்டு ஆண்டுக்கும் 16,000 என்று எழுதுவதுதான் வழக்கமான தவறு. முதல் ஆண்டு பாக்கி 2,10,000, வட்டி 21,000. தவணையில் மிஞ்சிய 1,00,000 அசலில் கழிய, பாக்கி 1,10,000. அடுத்த ஆண்டு வட்டி 11,000 மட்டுமே. மிஞ்சும் 1,10,000 கடனைச் சரியாகத் தீர்க்கிறது. கடைசியில் பாக்கி பூஜ்யமாகவில்லையென்றால் கணக்கில் எங்கோ பிழை. சில ரூபாய் வித்தியாசம் மட்டும் என்றால், அது வட்டியை முழு ரூபாயாக்கியதால் வந்திருக்கும். கடைசி ஆண்டு வட்டியில் சேர்த்துவிடலாம்.

தேய்மானத்தையும் 3,00,000-க்கே போட வேண்டும். 15 சதவீதம் என்றால் முதல் ஆண்டு 45,000. ஆட்டோவை 3,32,000 என்று பதிந்தால் அது 49,800 ஆகிவிடும். வட்டிக்கும் தேய்மானம் போட்டதாகும். முதல் ஆண்டு முடிவில் இருப்புநிலைக் குறிப்பில் ஆட்டோ 2,55,000 சொத்தாகவும், விற்றவருக்குத் தர வேண்டிய 1,10,000 பொறுப்பாகவும் நிற்கும். வட்டி 21,000 இலாப நட்டக் கணக்குக்குப் போகும்.