நாளை என்றால் எந்த நாள்?

அன்புள்ள பணியாளர்களுக்கு,

ஷிப்ட் மாற்றத்தை எஸ்.எம்.எஸ்.ஸிலும் வாட்ஸ்அப்பிலும் சொல்ல ஆரம்பித்த பிறகு டைம் ஆபீஸுக்கு வரும் பாதிச் சண்டை தேதியைப் பற்றியதுதான். அதனால் இந்தக் கடிதம்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். உத்திரமேரூரிலிருந்து ஒரகடம் வரும் ஒரு தம்பி செவ்வாய்க்கிழமை பி ஷிப்ட் முடித்து இரவு 10 மணிக்கு பஸ் ஏறினார். 11.50-க்கு சூப்பர்வைசர் குரூப்பில், 'நாளை பி கிடையாது, சி ஷிப்ட் வரவும்' என்று போட்டார். தம்பி சாப்பிட்டுவிட்டு போனைப் பார்த்தபோது மணி 12.20. அப்போது புதன் பிறந்துவிட்டது. நாளை என்றால் வியாழன் என்று எடுத்துக்கொண்டு, புதன் மதியம் 2 மணிக்கு வழக்கம்போல் பி ஷிப்டுக்கு வந்து நின்றார். அவர் பெயர் அன்று இரவு 10 மணி சி ஷிப்டில் இருந்தது. வீட்டுக்குப் போய்த் திரும்ப வந்தவர், பகலில் கண்மூடாமல் பிரஸ் மெஷின் முன்னால் ராத்திரி முழுக்க நின்றார். இதில் அவர் தவறு எதுவும் இல்லை. தவறு அந்த 'நாளை'யில் இருந்தது, அதை அனுப்பியது நாங்கள்.

இனி எங்கள் செய்தியில் 'இன்று', 'நாளை' இரண்டுமே இருக்காது. இப்படி இருக்கும்:

18-06 வியாழன் இரவு 10 முதல் 19-06 வெள்ளி காலை 6 வரை. சி ஷிப்ட்.

ஆரம்பிக்கிற நாள், முடிகிற நாள் இரண்டும் கிழமையோடு இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று விட்டுப்போயிருந்தால் அதை நம்பிக் கிளம்ப வேண்டாம், டைம் ஆபீஸுக்கு ஒரு போன் போடுங்கள். குரூப்பிலிருந்து ஃபார்வர்டு ஆகி வருவதில் இன்னொரு ஆபத்து உண்டு. அதில் தெரியும் நேரம் உங்களுக்கு அனுப்பிய நேரம், முதலில் எழுதிய நேரம் அல்ல. மூன்று நாள் பழைய 'நாளை' புதிதுபோல் வந்து நிற்கும்.

வார விடுமுறையிலும் இதே குழப்பம்தான். சனிக்கிழமை இரவு 10 மணிக்கு ஏறி ஞாயிறு காலை 6-க்கு இறங்குபவர், 'ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிநேரம் வேலை பார்த்தேனே, அது லீவில் கழிந்ததா?' என்று கேட்கிறார். கழியாது. 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு வகுத்த கணக்கு இது: நள்ளிரவு தாண்டி ஓடும் ஷிப்டில், 12 மணிக்குப் பிறகு பார்த்த வேலையும் முந்தின நாளோடு சேரும். விடுமுறை, ஷிப்ட் முடிந்த நிமிடத்திலிருந்து 24 மணிநேரம் ஓடும். ஆக உங்கள் லீவு ஞாயிறு காலை 6 முதல் திங்கள் காலை 6 வரை. அதற்கு முன்னால் எந்த ஷிப்டுக்கு அழைத்துச் செய்தி வந்தாலும் உடனே எங்களிடம் கேளுங்கள்.

எஸ்.எம்.எஸ். ஏன் இவ்வளவு கறாராக, வணக்கம்கூட இல்லாமல் வருகிறது என்று சிலர் வருத்தப்பட்டீர்கள். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 160 எழுத்து இடம் உண்டு, தமிழில் 70-தான். அதிலும் கொம்பும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்காகும். 'வெள்ளி' நமக்கு மூன்றெழுத்து, போனுக்கு ஆறு. 70-ஐத் தாண்டினால் செய்தி துண்டாகிப் போகும். சில போன்களில் துண்டுகள் முன்பின்னாக வந்து, 'காலை 6 வரை' என்பது மட்டும் முதலில் தெரியும். அதனால்தான் வணக்கத்தை விட்டோம்.

நம் எஸ்.எம்.எஸ். பத்து இலக்க எண்ணிலிருந்து வராது. அனுப்புநர் இடத்தில் நம் பெயர்ச்சுருக்கமும் கடைசியில் -S என்றும் இருக்கும். அதற்குப் பதில் அனுப்ப முடியாது, ஆகவே பதிலை வாட்ஸ்அப்பில் போடுங்கள். டைம் ஆபீஸ் எண்ணை உங்கள் போனில் சேமித்திருந்தால்தான் நாங்கள் பிராட்காஸ்டில் அனுப்புவது உங்களுக்கு வரும். சேமிக்காதவருக்கு அது வரவே வராது, அவருக்கு அப்படி ஒன்று அனுப்பியதே தெரியாமல் போய்விடும். இன்றே சேமித்துவிடுங்கள்.

வந்ததும் 'சரி' என்று ஒரு வார்த்தை போடுங்கள். இரண்டு டிக் விழுந்தால் போனுக்குப் போய்ச் சேர்ந்தது என்றுதான் அர்த்தம், நீங்கள் படித்ததாக அல்ல. போன் லாக்கரில் கிடக்கும்போதும் இரண்டு டிக் விழும். 'சரி' வராதவர்களை ஷிப்ட் தொடங்க நான்கு மணிநேரம் முன்பு நாங்களே அழைப்போம். அழைத்தும் கிடைக்காதவருக்குப் பழைய ஷிப்டே நடக்கும். அன்று அவருக்கு ஆப்சென்ட் போட மாட்டோம். இதை எழுத்தில் தருகிறேன், இந்தத் தாளை வைத்துக்கொள்ளுங்கள்.

பி ஷிப்ட் முடித்த மறுநாளே காலை ஏ ஷிப்ட் என்று செய்தி வந்தால் 'சரி' போடாதீர்கள். இரவு 10-க்கு இறங்கி 6-க்கு ஏற வேண்டும், பஸ்ஸிலேயே மூன்று மணிநேரம் போனால் தூங்க என்ன மிஞ்சும்? என்னைக் கூப்பிடுங்கள், ஆளை மாற்றித் தருகிறேன்.

சிம் மாற்றியவர்கள் புது எண்ணை கேட்டில் இருக்கும் நோட்டில் எழுத வேண்டாம். டைம் ஆபீஸில் நேரில் சொல்லி, அங்கேயே ஒரு சோதனைச் செய்தி வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
மனிதவள அலுவலர்